ஹெட்லைட்டும் ஹாரனும் ஒன்றாக மக்கர் செய்தால்

ஆட்டோவில் ஹெட்லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்பைப் பார்க்கலாம். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை என்றால் ஹாரனையோ பட்டனையோ பார்க்கலாம். இரண்டும் ஒரே ராத்திரியில் படுத்துக்கொண்டால் பல்பையும் ஹாரனையும் கழற்றுவது வெட்டி வேலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாமான்கள் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

அப்படிப் பொதுவாக இருப்பவை கொஞ்சம்தான்: பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் பகுதி, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், எர்த். ஃபியூஸ் போனால் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். விளக்கு மங்குகிறது, பள்ளத்தில் இறங்கினால் அணைந்து ஏறினால் எரிகிறது, ஹாரனை அமுக்கினால் கரகரவென்று முனகுகிறது என்றால்தான் குழப்பம். அங்கே சந்தேகம் பெரும்பாலும் இரண்டு பேர் மேல்: பேட்டரி, எர்த். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் "பேட்டரி போச்சு, மாத்திடு" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் போட்டு மாற்றிய பிறகும் அதே மங்கல் என்றால், கோளாறு எர்த்தில் இருந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை பெட்ரோல், எல்.பி.ஜி., சி.என்.ஜி.யில் ஓடும், ஹெட்லைட் பேட்டரியில் எரியும் ஆட்டோக்களைப் பற்றியது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரன்ட் இன்ஜினின் மேக்னெட்டோ காயிலில் இருந்து நேராகப் போகும். ஹாரனுக்கு மட்டும்தான் பேட்டரி. உங்கள் வண்டி எந்த ரகம் என்று அறிய, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரிந்தால் அது பேட்டரி விளக்கு. புதிய வண்டியில் ஹெட்லைட் மட்டும் இன்ஜின் ஓடினால்தான் எரிகிறது என்றால் அது வேறு வயரிங். அங்கே கீழே சொல்லும் கணக்குகள் ஹாரனுக்கு மட்டும் பொருந்தும்.

போன கரன்ட் திரும்பி வர வேண்டும்

பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து கிளம்பும் கரன்ட் ஃபியூஸ், சாவி, சுவிட்ச் எல்லாம் கடந்து பல்புக்குள் நுழைகிறது. அத்தோடு அதன் பயணம் முடிவதில்லை. பல்பில் இருந்து கிளம்பி பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். இந்தத் திரும்பும் வழிக்கு ஒவ்வொரு சாமானுக்கும் தனி வயர் இழுக்காமல், வண்டியின் இரும்பு உடம்பையே பாதையாக வைத்திருக்கிறார்கள். பேட்டரியின் மைனஸில் இருந்து ஒரு தடித்த கேபிள் சேசிஸுக்கோ இன்ஜினுக்கோ போகிறது. முன்பக்கம் ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் இவற்றின் எர்த் வயர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு வளைய லக்கு வழியாக ஒரு போல்ட்டில் பாடியோடு முறுக்கப்பட்டிருக்கும்.

அந்த ஒரு போல்ட் துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ முன்பக்கம் முழுவதும் தகராறுதான். பஸ்ஸில் இறங்கும் படியை அடைத்துக்கொண்டு நாலு பேர் நின்றால் ஏறும் படியில் எவ்வளவு இடம் இருந்தும் கூட்டம் நகராது அல்லவா, அதே கதை. பேட்டரி எவ்வளவு தெம்பாக இருந்தாலும் திரும்பும் வழி குறுகிவிட்டால் கரன்ட் குறைந்துதான் ஓடும்.

எவ்வளவு குறையும்? 12 வோல்ட், 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கிறது. எரியும்போது அதன் தடை சுமார் 4 ஓம். எர்த் போல்ட்டில் துருவால் வெறும் 1 ஓம் தடை ஏறினால்கூட, 12 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் அளவுக்கு அந்தத் துருவிலேயே செலவாகிவிடும். பல்புக்குக் கிடைப்பது ஒன்பதரை வோல்ட். ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று நினைக்கக்கூடாது. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும்; ஒன்பதரை வோல்ட்டில் பாதி வெளிச்சம்கூடத் தேறாது. அந்த நேரத்தில் ஹாரனையும் அமுக்கினால், அதே குறுகிய வழியில் இன்னும் 2, 3 ஆம்பியர் சேர்ந்து திரும்பப் பார்க்கும். விளக்கு இன்னும் சுருங்கும். ஹாரனுக்குள் இருக்கும் தகடு அதிர்வதற்குப் போதுமான வேகம் கிடைக்காமல் முனகும்.

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே காட்சிதான். ஹாரனை அமுக்கினால் விளக்கு மங்கும். பிறகு எப்படிப் பிரித்தறிவது?

செல்ஃபைக் கேட்டால் சொல்லிவிடும்

வண்டியிலேயே ஒரு நல்ல சோதனைக் கருவி இருக்கிறது: செல்ஃப் ஸ்டார்ட். ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்ந்து இழுப்பதைப் போலப் பல மடங்கு கரன்ட்டை ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் இழுக்கிறது. பலவீனமான பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. அதோடு ஸ்டார்ட்டரின் கரன்ட் திரும்பும் வழி வேறு. இன்ஜின் உடம்பு வழியாகத் தடித்த கேபிளில் நேராகப் பேட்டரிக்குப் போய்விடும். முன்பக்க எர்த் போல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனவே ராத்திரி விளக்கு மங்கினால் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி செல்ஃப் அமுக்கிப் பாருங்கள்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது டக் டக் என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் விளக்கு பிரகாசமாகிறது என்றால், பேட்டரியோ சார்ஜிங்கோதான்.

செல்ஃப் ஒரே அமுக்கில் கும்மென்று எடுக்கிறது, ஆனால் விளக்கும் ஹாரனும் மட்டும் சோர்ந்து கிடக்கின்றன என்றால், பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிடலாம். முன்பக்க எர்த்தையோ, முன்னால் போகும் பிளஸ் வழியையோ பார்க்க வேண்டும்.

செல்ஃப் அமுக்கிய நொடியில் மீட்டர் விளக்கு உட்பட மொத்தமும் செத்துப்போகிறது, கொஞ்ச நேரம் கழித்தோ வண்டியை ஆட்டினாலோ திரும்ப வருகிறது என்றால், பேட்டரி டெர்மினல் அல்லது மெயின் எர்த் கேபிள் லூஸ். டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். கையால் திருகியே அசைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஹெட்லைட்டைப் போட்டால் இண்டிகேட்டர் பல்பு லேசாக மினுங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறதா? திரும்பும் வழி கிடைக்காத கரன்ட் பக்கத்து பல்பு வழியாகத் திருட்டுத்தனமாகத் திரும்பப் பார்க்கிறது என்று அர்த்தம். பேட்டரி பலவீனத்தில் பல்புகள் மங்கும். அணைத்து வைத்த பல்பு மினுங்காது. இதைக் கண்டால் நேராக எர்த்துக்குப் போகலாம்.

ஒரு வண்டியின் கதை

சென்னையில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோ. எஃப்.சி.க்குக் காட்டுவதற்காக டிங்கர் வேலை பார்த்துப் பெயின்ட் அடித்து வந்ததில் இருந்து ஹெட்லைட் சரியில்லை. மழை நாளில் இன்னும் மோசம். ஹாரன் அடித்தால் விளக்கு மெழுகுவர்த்தி அளவுக்கு இறங்கிவிடும். டிரைவர் பேட்டரியை மாற்றினார், பலனில்லை. இரண்டு பல்பு மாற்றினார், அதுவும் அப்படியே. கடைசியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுவந்தார்.

அவர் முதலில் கேட்டது, "செல்ஃப் எப்படிண்ணே இருக்கு?"

"ஒரே அமுக்குதான், பிக்கப் ஆயிடும்."

"அப்போ பேட்டரிய விடுங்க. முன்னாடி பாப்போம்."

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்தார். இன்ஜின் நிற்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் 12.6 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டதும் 12.4. இன்ஜின் ஓட, ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14.1. பேட்டரியும் நலம், சார்ஜிங்கும் நலம். இந்த மூன்று எண்களுக்கு ஆன நேரம் இரண்டு நிமிஷம் இருக்கும். முதலிலேயே இதைப் பார்த்திருந்தால் புதுப் பேட்டரி செலவு மிச்சம்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, ஹெட்லைட்டை எரியவிட்டபடியே, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் பிடித்தார். முனை எட்டவில்லை என்பதால் ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொண்டார். சிவப்பு முனையை ஹெட்லைட் சாக்கெட்டின் எர்த் வயரில் குத்தினார். எர்த் சரியாக இருந்தால் பல்பின் எர்த் முனையும் பேட்டரி மைனஸும் ஏறக்குறைய ஒன்றுதான். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். இங்கே காட்டியது 2.6. டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார். 4 வோல்ட்டுக்கு ஏறியது. அதாவது பல்புக்குப் போக வேண்டிய 4 வோல்ட், திரும்பும் வழியில் ஏதோ ஓரிடத்தில் தின்னப்படுகிறது.

உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை செய்தார். ஒரு வயரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் கட்டி, மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் வயரில் தொட்டார். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. ஹாரனும் முழுக் குரலில் அடித்தது. வயரை எடுத்தால் பழையபடி மங்கல். கோளாறு எர்த் வழியில்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முன் பேனலுக்குப் பின்னால் எர்த் போல்ட்டைத் தேடிப்பிடித்தபோது விஷயம் விளங்கியது. பெயின்டர் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தையும் சேர்த்து பிரைமர், பெயின்ட் என்று கனமாக அடித்துவிட்டு, பெயின்டின் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருந்தார். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. போல்ட்டின் மரையில் பட்டும் படாமலும் ஒரு தொடர்பு மட்டும் மிச்சமிருந்தது. அதிலும் மழைநீர் இறங்கித் துரு பிடித்திருந்தது.

போல்ட்டைக் கழற்றி, லக்கு உட்காரும் வட்டம் மட்டும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். லக்கின் இரண்டு பக்கமும் தேய்த்தார். பல் வாஷர் ஒன்றைப் போட்டு முறுக்கினார். அந்த வாஷரின் பற்கள் இரும்பைக் கவ்விக்கொள்வதால் குலுங்கலில் தளராது. முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். முறுக்கும் முன்னால் தடவக்கூடாதா என்றால் தடவலாம். ஆனால் இரும்பு இரும்போடு நன்றாக அழுந்துகிற அளவுக்கு முறுக்க வேண்டும். மேல்பூச்சின் வேலை தண்ணீரைத் தடுப்பதுதான். மறுபடி அளந்தபோது ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்ந்து ஓடியும் 0.1 வோல்ட்தான் காட்டியது.

மீட்டர் ஏமாற்றும் இடம்

எர்த்தைச் சோதிக்கப் பலர் மீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, வயரின் இரு முனைகளிலும் தொட்டு, பீப் அடித்தால் "எர்த் நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். இது ஏமாற்றும் சோதனை. மீட்டர் அனுப்பும் கரன்ட் துளியூண்டு. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்தத் துளி கரன்ட் தாராளமாகப் போகும், பீப் அடிக்கும். அதே ஓர் இழையில் 5 ஆம்பியர் போக வேண்டும் என்னும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே எர்த்தைச் சோதிக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், ஹாரன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், மீட்டர் வோல்ட்டில் இருக்க வேண்டும். பாரம் இல்லாமல் அளந்த எர்த் அளக்காத எர்த்துக்குச் சமம்.

மீட்டர் இல்லாத மெக்கானிக்குகள் பலர் டெஸ்ட் லாம்ப் வைத்திருப்பார்கள். ஹோல்டரில் மாட்டிய ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். அந்த பல்பு 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக உண்மையிலேயே கரன்ட் இழுப்பதால், அது பாரத்தோடு கூடிய சோதனை. ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைச் சந்தேகப்படும் எர்த்திலும் பிடியுங்கள். அதன் வெளிச்சத்தை, நேராகப் பேட்டரி மைனஸில் பிடித்தால் வரும் வெளிச்சத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எல்.இ.டி. டெஸ்டர் இதற்கு உதவாது. அது கெட்ட எர்த்திலும் ஜோராக எரியும்.

எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தும் விளக்கு மங்கினால், இதே சோதனையை பிளஸ் பக்கம் செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ஹெட்லைட்டுக்கு வரும் பிளஸ் வயரில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஃபியூஸ் பெட்டி, சாவி சுவிட்ச், ஹேண்டில் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. சூடாக இருக்கும் கப்ளரைத் தொட்டுப் பார்த்தே பல நேரம் இடத்தைச் சொல்லிவிடலாம்.

உண்மையிலேயே பேட்டரிதான் என்றால்

வண்டியை ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியை அளப்பது நல்லது. 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. 10.5-க்குப் பக்கத்தில் வந்து நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று அடித்துவிட்டது என்று பொருள்; ஒரு செல்லுக்கு 2 வோல்ட் சொச்சம். அதை மாற்றத்தான் வேண்டும். அளவு நன்றாக இருந்தும், செல்ஃப் அமுக்கும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குள் தெம்பு இல்லை.

ஆனால் காலியான பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி அல்ல. சார்ஜ் வராததால் காலியாகியிருக்கலாம். இன்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளக்கும்போது பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் மேக்னெட்டோ காயில், ஆர்.ஆர். யூனிட், அவற்றின் கப்ளர் மூன்றையும் பார்க்க வேண்டும். புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் காலியாகும். 15-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்க ஆபத்து: பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகும். ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் லூஸ் என்றாலும் இப்படி ஆவதுண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரியில் மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால் செலவுக் கணக்கைப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு 3 ஆம்பியர், மற்ற விளக்குகளுக்கு 1, பாட்டு செட்டுக்கு 2 என்றால் மொத்தம் 6. சிக்னலிலும் நெரிசலிலும் இன்ஜின் ஐட்லிங்கில் உறுமும்போது சார்ஜ் குறைவாகத்தான் வரும். மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கிறது. ஸ்டாண்டில் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டும் அலங்கார விளக்கும் ஓடினால் முழுச் செலவும் பேட்டரி தலையில். 30 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி ஐந்து மணி நேரம் தாங்கும். வயதாகிப் பாதித் தெம்பில் இருப்பது இரண்டரை மணி நேரத்தில் படுத்துவிடும். 35 வாட் பல்பு இருந்த இடத்தில் 90 வாட் பல்பு மாட்டுவதும் இதே வம்புதான். கரன்ட் இரண்டரை மடங்கு, அதோடு வயரும் சுவிட்சும் உருகும்.

டெர்மினலில் கை வைக்கும் முன்

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதுவே பாதி நோய். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் ரகப் பேட்டரி என்றால் குறிப்பிட்ட கோடுவரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் வேண்டாம்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸ் என்பதால், அது மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜாகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. எர்த்தைச் சோதிக்க நீள வயர் கட்டும்போது அது மைனஸில்தான் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டையின் ஈயத்தாளையோ கம்பியையோ வைத்து ஒப்பேற்றாதீர்கள். அடுத்து எரிவது வயரிங்.

நடுவழியில் விளக்கு மங்கினால், பாட்டையும் கூடுதல் விளக்குகளையும் அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து இன்ஜின் வேகத்தைத் தூக்கி வைத்தால் பேட்டரிக் கோளாறில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். பக்கத்தில் உள்ள மெக்கானிக் கடைவரை மெதுவாகப் போய்ச்சேரலாம். எர்த் கோளாறில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. விளக்கு முழுதாகவே நின்றால் ஓரங்கட்டுவதைத் தவிர வழியில்லை.

கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னால், பணம் எடுக்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: செல்ஃப் அமுக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், இன்ஜின் ஓடும்போது எத்தனை, ஹெட்லைட்டும் ஹாரனும் ஓடும்போது முன் எர்த்தில் எத்தனை. முதல் எண் குறைந்தால் பேட்டரி. ஆனால் காலியாக இருந்தால் சார்ஜ் ஏற்றி ஒருமுறை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது குறைந்தால் சார்ஜிங். மூன்றாவது கூடினால் ஒரு போல்ட்டும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.